செய்கூலி, சேதாரம், சோளம்

கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில்தான் இந்தப் பேச்சு எப்போதும் வரும். இந்த முறை ஆரம்பித்தவர் என் மச்சான். "மாப்ள, நானும் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ஒரு டப்புல அஞ்சு ரூபாய்க்கு மேல சோளம் கெடையாது. நூறு ரூபாய்க்கு விக்கறீங்க. தொண்ணூத்தஞ்சு ரூபா சுளையா நிக்குது. இதுக்குப் பேரு யாவாரமா?" என்றார். எதிர்வரிசையில் நாலு பேர் தலையாட்டினார்கள். மச்சான் அந்த வாரம்தான் மகளுக்குச் சங்கிலி எடுத்திருந்தார். கூலி தனி, சேதாரம் 14 சதவீதம். அதற்கு ஒரு வார்த்தை பேசாமல் பில்லைக் கட்டிவிட்டு வந்தவர்.

ஒரு தாலுகா ஊர் தியேட்டரில் 6 வருஷம் கேன்டீன் லீஸ் எடுத்து நடத்தியவன் நான். அந்த 6 வருஷமும் இந்த ஐந்து ரூபாய்க் கணக்கைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். மேடையில், பத்திரிகையில், மீம்களில், பக்கத்து சீட்டில் எங்கும் அதே கணக்குதான். தியேட்டர் பாப்கார்ன் விலை எனக்கும் பிடிக்காது. குடும்பத்தோடு நகரத்து மல்டிபிளெக்ஸுக்குப் போனால் நானும் முணுமுணுப்பேன். ஆனால் விலை அதிகம் என்பது ஒரு பேச்சு, டப் ஒன்றுக்கு 95 சதவீதம் லாபம் என்பது வேறு பேச்சு. இரண்டாவது சுத்தமாகத் தப்பு. சோளத்தை எடை போட்டுப் பாப்கார்னின் அடக்கவிலையைச் சொல்வது, பூவை எண்ணிக் கல்யாணச் செலவைச் சொல்வது போல.

மச்சானுக்குச் சாதகமான கணக்கையே முதலில் போடுவோம். கைப்பிழை இல்லாத, ஒரு பொரி கூடக் கீழே விழாத கணக்கு.

நான் வைத்திருந்தது 16 அவுன்ஸ் மிஷின். ஒரு தடவைக்கு 450 கிராம் மணி போடலாம். எண்ணெய் அதில் மூன்றில் ஒரு பங்கு, 150 கிராம். வெண்ணெய் வாசனையும் மஞ்சள் நிறமும் சேர்த்த பொடி உப்பு 11 கிராம். உப்பை எண்ணெயோடு கெட்டிலுக்குள்ளேயே போட வேண்டும். பொரித்த பிறகு மேலே தூவினால் பாதி அடியில் போய்ச் சேரும், கடைசி வாய் கடலைக் குடிப்பது போலிருக்கும். நல்ல மணி ஒரு கிராமுக்கு 42 கன சென்டிமீட்டர் வரை விரியும். ஆக 450 கிராமில் 19 லிட்டர் பொரி. நாங்கள் விற்ற டப் இரண்டரை லிட்டர் கொள்ளும். 60 கிராம் மணி இருந்தால் ஒரு டப் நிறையும்.

மணி கிலோ 120 ரூபாய்க்கு வாங்கினேன். டப்புக்கு 7 ரூபாய் 20 காசு. பாமாயிலுக்கு 3 ரூபாய், உப்புக்கு 50 காசு. மச்சானின் ஐந்து ரூபாய் இங்கே பத்தே முக்காலுக்கு அருகில் வந்து நிற்கிறது. இதுவரை பெரிய சண்டை ஒன்றுமில்லை. ஐந்தா பத்தா என்று யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை.

அடுத்து டப். உள்ளே பூச்சு போட்ட அட்டை, வெளியே படம் அச்சடித்தது. ஆயிரக்கணக்கில் வாங்கினாலும் எனக்கு ஒன்று 11 ரூபாய் விழுந்தது. அதாவது சோளம், எண்ணெய், உப்பு மூன்றும் சேர்ந்து வருவதைவிட, சாப்பிட்டுவிட்டுக் காலடியில் போட்டு மிதிக்கிற அந்த அட்டைக்கு விலை அதிகம். மொத்தம் 21 ரூபாய் 70 காசு, அதில் சரிபாதிக்கு மேல் அட்டை. லட்சக்கணக்கில் அச்சடிக்கும் பெரிய சங்கிலி நிறுவனத்துக்கு இது குறையும். அவர்கள் விலையும் வாடகையும் வேறு என்பதால் அவர்கள் கணக்கை நான் போடவில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். பி.வி.ஆர். போன்ற பெரிய நிறுவனத்தின் வருடாந்தரக் கணக்கிலேயே தின்பண்ட விற்பனையில் கால் பங்குக்கு முன்பின் பொருளுக்கு மட்டும் போய்விடுகிறது. இந்தத் தேசத்தில் அவர்களைவிட மலிவாக வாங்கக்கூடிய தியேட்டர்காரர் யார்? அவர்களுக்கே 95 நிற்கவில்லை.

மேலே போவதற்கு முன் எங்கள் ஆட்களையும் ஒரு பிடி பிடிக்க வேண்டும். ஐந்து ரூபாய்க் கணக்கை நம்புவது பார்க்க வருகிறவர்கள் மட்டுமில்லை, கேன்டீன் எடுக்கிறவர்களில் பாதிப் பேரும்தான். லாபம் சோளத்தில் இருக்கிறது என்று நம்புகிறவர் முதலில் சோளத்தில்தான் கைவைப்பார். கிலோ 120 மணியை விட்டுவிட்டு 75 ரூபாய்க்கு எங்கிருந்தோ ஒரு மூட்டை பிடித்துக்கொண்டு வருவார். முதல் வருஷம் நானும் அதைச் செய்தேன்.

நாம் வாங்குவது எடையில், விற்பது கொள்ளளவில். இந்த ஒரு வரி புரியாதவர் இந்தத் தொழிலுக்கு வரவே கூடாது. நான் பிடித்த 75 ரூபாய் மணி கிராமுக்கு 28 கன சென்டிமீட்டர்தான் விரிந்தது. அதே இரண்டரை லிட்டரை நிரப்ப 60 கிராம் போதவில்லை, 89 கிராம் வேண்டியிருந்தது. விலை 6 ரூபாய் 70 காசு. 120 ரூபாய் மணியோடு ஒப்பிட்டால் மிச்சம் 50 காசு. ஆனால் எண்ணெய் மணியின் எடைக்குத்தான் போகும், பொரியின் பருமனுக்கு இல்லை. 3 ரூபாய் எண்ணெய் நாலரை ஆகிவிட்டது. 50 காசு மிச்சம் பிடிக்கப் போய் ஒன்றரை ரூபாயை விட்டேன். அதற்கு மேல் அடியில் கிடக்கும் பொரியாத மணிகள். படம் முடிந்ததும் ஒருவர் அதில் நாலைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்து, "பல்லு போச்சுன்னா நீங்க கட்டித் தருவீங்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மணி ஏன் பொரிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி நஷ்டத்தைத் தடுக்கலாம். உள்ளே இருக்கிற ஈரம்தான் வெடிமருந்து. நல்ல மணியில் 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஈரம் இருக்கும். சூடு 180 டிகிரியை நெருங்கும்போது அந்த ஈரம் ஆவியாகத் துடித்து, இறுகிய தோல் தாங்காமல் வெடிக்கிறது. உள்ளே வெந்து கூழான மாவு நுரைத்து விரிந்து அப்படியே உறைகிறது. தோலில் கீறல் இருந்தால் ஆவி கசிந்துவிடும். ஈரம் வற்றியிருந்தால் தள்ளுவதற்கு ஆவியே இருக்காது. இறக்குமதி மணி 22.68 கிலோ மூட்டையாக, அதாவது 50 பவுண்டாக வரும். சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட ஸ்டோர் ரூமில் வாயைத் திறந்துபோட்ட மூட்டை சில வாரங்களில் பாதிக் கல்லாகிவிடும்.

கண்டுபிடிக்க மிஷின் வேண்டாம். 100 மணியை எண்ணிப் பொரித்து, பொரியாமல் நின்றதை எண்ணினால் போதும். மூன்று நாலு என்றால் சரி. பதினைந்தைத் தாண்டினால் மூட்டை வறண்டுவிட்டது. அப்போது நான் செய்வது, கிலோவுக்கு 25 மில்லி தண்ணீர் தெளித்து, மூடி இறுகிய டிரம்மில் போட்டு, காலையும் மாலையும் உருட்டிவிட்டு, மூன்று நாள் கழித்துத் திரும்ப 100 எண்ணுவது. பல மூட்டைகள் இப்படிப் பிழைத்திருக்கின்றன. தண்ணீர் கூடிப்போனாலும் வம்புதான். பொரி சின்னதாக, ரப்பர் போல வரும்.

சரி, நல்ல மணி, நல்ல எண்ணெய், 21 ரூபாய் 70 காசு. நூறில் பாக்கி 78 நிற்கிறதே என்பார் மச்சான். இப்போதுதான் சேதாரத்துக்கு வருகிறோம்.

தியேட்டர் வியாபாரம் வேறெந்தக் கடை மாதிரியும் இல்லை. டீக்கடைக்கு நாள் முழுக்க ஆள் வரும். தியேட்டரில் 400 பேர் ஒரே நிமிஷத்தில் எழுந்து வருவார்கள், 15 நிமிஷத்தில் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள். என் மிஷின் ஒரு தடவை பொரிக்க 4, 5 நிமிஷம் எடுக்கும். இடைவேளை முழுக்க விடாமல் ஓட்டினாலும் மூன்று ஈடுதான் வரும், இருபது டப் தேறும். கேட்பதோ எண்பது தொண்ணூறு பேர். எனவே இடைவேளைக்கு ஒரு மணி நேரம் முன்பே பொரிக்க ஆரம்பித்து, கண்ணாடிப் பெட்டியில் சூடாகக் குவித்து வைக்க வேண்டும். எத்தனை பேர் வாங்குவார்கள் என்று தெரியாமலே பொரிக்க வேண்டும். டிக்கெட் கவுன்டரில் எண்ணிக்கை கேட்டுக்கொள்வேன், அது பாதி வழிக்குத்தான் உதவும். அதே 400 பேர் காமெடிப் படத்துக்கு வந்தால் ஒரு விற்பனை, முதல் பாதியே அழவைக்கிற படத்துக்கு வந்தால் இன்னொரு விற்பனை. மழை பெய்தால் டீ போகும், பாப்கார்ன் நிற்கும். குறைத்துப் பொரித்தால் வரிசையில் நிற்பவர் சலித்து உள்ளே போவார், அவர் திரும்பி வரவே மாட்டார். கூட்டிப் பொரித்தால் மிஞ்சும். இரண்டில் மிஞ்சுவதுதான் மலிவு என்பதால் எல்லாரும் கூட்டித்தான் பொரிப்போம்.

இரண்டாவது சேதாரம் கோபுரம். டப்பை விளிம்போடு நிறுத்திக் கொடுத்தால் யாருக்கும் திருப்தி இருக்காது. படியளக்கிற ஊர் இது, தலைதட்டினால் கோபம் வரும். கவுன்டர் பையன் கோபுரமாகக் குவிப்பான். மேலே குவித்ததில் ஒரு கைப்பிடி கவுன்டரிலேயே விழும், இன்னொரு கைப்பிடி படிக்கட்டில். இருட்டில் ஒரு கையில் டப், மறு கையில் குழந்தை என்று சீட்டைத் தேடிப் போகிறவரைப் பின்தொடர்ந்தால் பொரியைப் பார்த்தே அவர் எந்த வரிசை என்று சொல்லலாம். 19 லிட்டருக்கு ஏழரை டப்புக்கு மேல் வர வேண்டும். என் நோட்டில் ஏழைத் தாண்டியதே கிடையாது. சராசரி ஆறரை.

நோட்டிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுக்கிறேன். ஓடுகிற படம், நாலு காட்சி. அன்று 40 ஈடு பொரித்தோம், 18 கிலோ மணி. ஓர் ஈட்டுக்கு மணி, எண்ணெய், உப்பு சேர்த்து 80 ரூபாய் 50 காசு வீதம் 3,220 ரூபாய். ஆறரை வீதம் 260 டப்புக்கான பொரி. விற்றது 215. ஆறு டப்பைச் சும்மா கொடுத்தோம். குழந்தை வாங்கிய கையோடு கவிழ்த்துவிட்டு அழும்போது இன்னொன்று கொடுக்காமல் நிற்கிற மனுஷன் கேன்டீன் நடத்த முடியாது. பாக்கி 39 டப்புக்கான பொரி மிஞ்சியது. டப் செலவானது 232. விற்ற 215, சும்மா கொடுத்த ஆறு போக, 11 டப் நசுங்கியும் நனைந்தும் போனவை. அட்டைக்கு 2,552 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 5,772. விற்ற 215 டப்பால் வகுத்தால் ஒன்றுக்கு 26 ரூபாய் 85 காசு.

கைப்பிழையில்லாத கணக்கு 21.70 சொன்னது, நோட்டு 26.85 சொல்கிறது. வித்தியாசம் 5 ரூபாய் 15 காசு. பொருள் விலையில் 24 சதவீதம் சேதாரம். தங்கத்துக்கு 14 சதவீதம் வாய் திறக்காமல் கட்டிய மச்சானுக்கு இதைச் சொன்னபோதுதான் அவர் முதல்முறையாக இலையைப் பார்த்துக் குனிந்தார்.

இது நல்ல நாள் என்பதைக் கவனிக்க வேண்டும். சேதாரம் கூட்டம் குறையக் குறையக் கூடும். அதே வாரத்துப் புதன்கிழமை நாலு காட்சிக்கும் சேர்த்து 20 டப் விற்றது. அதற்கு ஐந்து ஈடு பொரித்திருந்தோம். காலியான பெட்டியைப் பார்த்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு காட்சிக்கும் கொஞ்சமாவது புதிதாகக் குவித்துக் காட்டியாக வேண்டும். வாசனை வராவிட்டால் வியாபாரமே இல்லை. 450 கிராம் கெட்டிலில் 100 கிராம் போட்டுப் பொரிக்கவும் முடியாது, அடிபிடித்துக் கருகும். அன்று ஒரு டப்பின் பொருள் செலவு 31 ரூபாய்க்கு மேல். ஒரே மணி, ஒரே எண்ணெய், ஒரே டப், ஒரே விலை. மாறியது கூட்டம் மட்டும்தான்.

"மிஞ்சுனத மறுநாள் விக்கறீங்கல்ல?" என்று அடுத்த குத்து வரும். விற்கிறவர்கள் இருக்கிறார்கள், மறைக்க மாட்டேன். மதியக் காட்சியில் மிஞ்சியதை மாலைக் காட்சிக்கு வைத்துக்கொள்வதில் தப்பில்லை, சூட்டுப் பெட்டியில் சில மணி நேரம் நன்றாகவே இருக்கும். ஆனால் இரவு தாண்டினால் பொரி ஈரத்தை இழுத்துக்கொண்டு தெர்மகோல் மாதிரி ஆகிவிடும். பழசை அடியிலும் புதுசை மேலேயும் போட்டுக் கொடுக்கிற வித்தையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மேல் பாதி மொறுமொறுவென்று இருந்து அடிப் பாதி பல்லில் நசுங்கினால், காறிய எண்ணெய் வாசனை கூடவே வந்தால், அது நேற்றையது. அப்படி ஒரு டப் கொடுத்து 12 ரூபாய்ப் பொரியை மிச்சம் பிடிக்கிறவர், அந்த வாடிக்கையாளர் இனி வாங்கப்போகிற அத்தனை டப்பையும் இழக்கிறார். அதனால் மிஞ்சியதை நான் சேதாரத்தில்தான் எழுதினேன்.

காலி டப்பைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், வெளியே யாருக்கும் தெரியாத விஷயம். தண்ணீர் குடிக்க, குழந்தைக்குப் பிரித்துக் கொடுக்க ஒரு காலி டப் கேட்டால் கேன்டீன் பையன் ஏன் திருதிருவென விழிக்கிறான் தெரியுமா? கஞ்சத்தனம் இல்லை. பாப்கார்னை எண்ண முடியாது, டப்பைத்தான் எண்ண முடியும். காலையில் எண்ணிக் கொடுத்த டப்பில் இரவு பாக்கியிருப்பதைக் கழித்தால் அன்றைய விற்பனை. டப்தான் எங்களுக்கு ரூபாய் நோட்டு. ஒரு டப் கணக்கில் குறைந்தால் கல்லாவில் 100 ரூபாய் ஏற வேண்டும்.

நோட்டு என்றால் கள்ள நோட்டும் உண்டு. என் மூன்றாவது வருஷத்தில் ஒரு மாதம் மணி மட்டும் கூடுதலாகத் தீர்ந்தது, டப் சரியாக இருந்தது, கல்லாவும் சரியாக இருந்தது. ஈட்டுக்கு ஆறரை வந்த சராசரி ஐந்தரைக்கு இறங்கியிருந்தது. முதலில் மணியைச் சந்தேகித்தேன், 100 எண்ணிப் பொரித்தேன், மூன்றுதான் நின்றது. பிறகு கோபுரத்தைச் சந்தேகித்தேன். பத்து நாள் கழித்துத்தான் பிடிபட்டது. காட்சி முடிந்ததும் ஹாலைக் கூட்டப் போகிறவர் கசங்காத டப்புகளை எடுத்துவந்து கொடுப்பார், கவுன்டரில் ஒருவர் துடைத்து நிரப்பி விற்பார். அந்த 100 ரூபாய்க்கு டப் செலவு இல்லை, கணக்கிலும் இல்லை. சுகாதாரத்தை நினைத்து எனக்கு இன்றைக்கும் கூசுகிறது. அதற்கப்புறம் குப்பைக்குப் போகும் ஒவ்வொரு டப்பையும் கிழித்துத்தான் போட வேண்டும் என்று வைத்தேன். சேதாரம் எடையில் தெரியாது, ஈட்டுச் சராசரியில்தான் தெரியும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த மாதம்தான்.

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் தள்ளுவண்டி. "வெளிய இருபது ரூபாய்க்குக் குடுக்கறான், அவனுக்குக் கட்டுபடியாகுதே." ஆகிறது, சந்தேகமே இல்லை. அவர் ஆளைப் பார்த்துப் பொரிக்கிறார், மிஞ்சுவது கொஞ்சம். பாலிதீன் கவருக்கு ஒரு ரூபாய் ஆகாது. கவரில் பிடிப்பது என் டப்பில் பாதிகூட இல்லை. ஆனால் இந்த உதாரணம் மச்சானின் கட்சிக்கு எதிராகத்தான் பேசுகிறது. சோளம் இரண்டு பேருக்கும் ஒரே சோளம். அவருக்கு 20, எனக்கு 100 என்றால் அந்த 80 ரூபாய் வித்தியாசம் சோளத்திலிருந்து வந்திருக்க முடியாது. பின்னே எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்குப் பதில் சோளத்தையே திரும்பத் திரும்ப எடை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அது வருவது சுவரிலிருந்து. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று சொல்லத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று சொன்னது. ஜம்மு காஷ்மீர் உயர்நீதிமன்றம் 2018இல் சொன்னதை ரத்துசெய்த தீர்ப்பு. நல்ல குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குக் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதை யாரும் சொல்வதில்லை, சில தியேட்டர்களும் செய்வதில்லை. அந்தச் சுவருக்குள் போட்டி கிடையாது என்பது உண்மை. விலை 100 ஆக நிற்பதற்கு அதுதான் காரணம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுவரின் விலை பாப்கார்ன் விற்கிறவன் பைக்குள் விழுவதில்லை.

தமிழ்நாட்டில் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. வசூலில் முதல் வாரம் பெரும்பங்கை விநியோகஸ்தர் எடுத்துக்கொள்வார். தியேட்டர்காரருக்கு யாரோடும் பங்கு போடாத வருமானம் என்று நிற்பது பார்க்கிங்கும் கேன்டீனும்தான். எனவே போட்டியில்லாத சுவரின் விலை முழுவதையும் அவர் கேன்டீன் வாடகையாக முன்கூட்டியே வாங்கிவிடுவார். தண்ணீர் பாட்டிலில் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வைக்க எனக்கு வழியில்லை. கண்முன் பொரித்து நிரப்பும் டப்புக்கு அச்சிட்ட விலை கிடையாது. வாடகைச் சுமை முழுக்கப் பாப்கார்ன் தலையில் ஏறுவது அதனால்தான்.

என் கேன்டீனில் பாதி வியாபாரம் பாப்கார்ன். வாடகையில் அதன் பங்கு மாதம் 75,000, ஆள் கூலியில் 19,500, கரன்டில் 4,000. நல்ல மாதத்தில் 2,000 டப் போகும். டப்புக்கு 49 ரூபாய் இதிலேயே போய்விடும். நாள் கூட, நாள் குறைய என்று சராசரி பார்த்தால் பொருள் செலவு 28. தியேட்டருக்குள் விற்கும் தின்பண்டத்துக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று 2023 ஜூலையில் தெளிவுபடுத்தினார்கள். 100 ரூபாய் டப்பில் 4 ரூபாய் 76 காசு அது. கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் 5 சதவீதத்தில் கட்டுகிறவர் அட்டைக்கும் வாடகைக்கும் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, அதுவும் செலவில்தான் சேரும். எல்லாம் போக நிற்பது 18 ரூபாய்.

18 ரூபாய் மோசமில்லை, அழவும் இல்லை. 2,000 டப்புக்கு 36,000 ரூபாய், நானும் குடும்பம் நடத்தினேன். ஆனால் படம் ஓடாத மாதம் 1,000 டப்தான் போகும். வாடகை அப்படியே நிற்கும், சேதாரம் ஏறும். அந்த மாதம் டப் ஒன்றுக்கு 32 ரூபாய் கையைக் கடித்தது. அப்போதும் யாரோ ஒருவர் கவுன்டரில் 100 ரூபாயை நீட்டி, "அஞ்சு ரூபா சோளம்" என்று சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

வாங்குகிறவருக்கு 100 ரூபாய் கனக்கிறது என்றால் சண்டையை வாடகையிடம் போடலாம், டப்பைச் சின்னதாக்கி 40 ரூபாய்க்குக் கொடுக்கச் சொல்லலாம். நான் கொடுத்துப் பார்த்தேன். சின்ன டப்பின் அட்டையும் 7 ரூபாய் வந்தது, கூட்டம் இருக்கிற நாளில் பையன் கை பெரிய டப்புக்கே போனது, புதன்கிழமைகளில் மட்டும் நன்றாக விற்றது. புதன்கிழமை மிச்சம் பிடிப்பதே பெரிய விஷயம் என்று அதை விடாமல் வைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு இரவு மிஞ்சிய 39 டப்பை எருமை வைத்திருக்கும் ஒரு பெரியவர் வந்து எடுத்துப்போனார். தினமும் வருவார், தவிட்டில் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார். இரண்டு சாக்கு நிறைய இருந்தது. அந்த ஐந்து ரூபாய்க் கணக்கு ஞாபகத்துக்கு வந்து, அன்று ஒருநாள் அதை எடை போட்டுப் பார்த்தேன். இரண்டு சாக்கும் சேர்ந்து மூன்று கிலோ. பெரியவர் இரண்டையும் ஒரே தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை நோக்கி நடந்தார். நான் நோட்டில் 483 ரூபாய் என்று எழுதினேன்.